ஒரே படம், ஆறு சீட்டுகள், ஐந்து பதிவுகள்

சின்னச் சின்ன ரசீதுகளை மேசையில் பரப்பி, ஒரே படமாக எடுத்துக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பும் வழக்கம் இன்று பல அலுவலகங்களில் உண்டு. எடுப்பவருக்கு வேலை மிச்சம். ஆறு முறை எடுக்க வேண்டியதை ஒரே முறையில் எடுத்துவிடுகிறார். கணக்கில் மட்டும் அந்தப் படத்தை அப்படியே ஏற்ற முடியாது. அங்கே ஒவ்வொரு செலவும் தனி வரியாக நிற்க வேண்டும். அந்த வரியில் தேதி, கடையின் பெயர், பில் எண், தொகை, வரி எல்லாம் இருக்க வேண்டும். அந்தச் செலவுக்குரிய சீட்டின் படமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு படத்திலிருந்து இந்தத் தனி வரிகளுக்குப் போய்ச் சேரும் வேலையைக் கையாலும் செய்யலாம், மென்பொருளாலும் செய்யலாம். எப்படிச் செய்தாலும் படிகள் ஒன்றுதான், தவறுகள் நேரும் இடங்களும் ஒன்றுதான்.

வெளியூர் போய்த் திரும்பிய ஒரு விற்பனைப் பிரதிநிதியின் ஒரு நாள் செலவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். அவர் கையில் ஆறு சீட்டுகள் இருக்கின்றன: பெட்ரோல் பங்க் பில் 500 ரூபாய், ஓட்டல் பில் 252 ரூபாய், அதே ஓட்டலில் கார்டு தேய்த்தபோது வந்த சீட்டு 252 ரூபாய், ஹார்டுவேர் கடை பில் 354 ரூபாய், கூரியர் ரசீது 90 ரூபாய், வண்டி நிறுத்திய டோக்கன் 20 ரூபாய். இந்த ஆறும் ஒரே படத்தில் இருக்கின்றன.

முதலில் காகிதம், பிறகு எழுத்து

படத்தை அப்படியே எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்து, வரும் எழுத்துகளைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அந்த வழி பெரும்பாலும் தவறான கணக்கில் கொண்டுபோய் விடும். எழுத்துணரி ஒரு பக்கத்தை இடமிருந்து வலமாக, வரி வரியாகப் படிக்கிறது. பத்திரிகைப் பக்கத்தின் பத்திகளை ஓரளவு பிரித்தறியும் திறன் அதற்கு உண்டு. ஆனால் ரசீதுக்குள்ளேயே பொருளின் பெயர் இடது ஓரத்திலும் விலை வலது ஓரத்திலும் இருக்கும். நடுவில் பெரிய இடைவெளி. அடுத்த ரசீது தொடங்கும் இடத்திலும் அதே போன்ற ஓர் இடைவெளி. எந்த இடைவெளி ஒரே சீட்டுக்குள் இருப்பது, எது இரண்டு சீட்டுகளுக்கு நடுவில் இருப்பது என்று எழுத்துகளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

அதன் விளைவாக, ஓட்டல் பில்லில் உள்ள "சாப்பாடு 2" என்ற வரியும் பக்கத்துப் பெட்ரோல் பில்லின் "4.95 லிட்டர்" என்ற வரியும் ஒரே உயரத்தில் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக வந்துவிடும். ஓட்டல் பில்லின் தேதி ஹார்டுவேர் கடையின் தொகையோடு சேர்ந்துகொள்ளும். இப்படி வந்த வரிகளில் ஒவ்வொரு எண்ணும் உண்மையான எண்ணாகவே இருப்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் தவறு படாது.

ஆகவே சரியான வரிசை இதுதான்: முதலில் காகிதங்களின் ஓரத்தைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றையும் தனிப் படமாக வெட்ட வேண்டும்; அதன் பிறகே ஒவ்வொரு துண்டிலும் உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். எழுத்து எங்கே கலந்தாலும் காகிதத்தின் ஓரம் கலப்பதில்லை. சீட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விட்டு வைத்திருந்தால் போதும்.

படம் எடுக்கும்போதே பாதி வேலை

கடைகளில் பில் அடிக்கும் சிறு இயந்திரங்களின் காகிதச் சுருள் பெரும்பாலும் இரண்டே அகலங்களில் வருகிறது: சுமார் 58 மில்லிமீட்டர், சுமார் 80 மில்லிமீட்டர். இவற்றில் மை கிடையாது. காகிதத்தின் மேல் பூசப்பட்ட வேதிப்பொருள் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது. அச்சுமுனை ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் என்ற கணக்கில் சூடேற்றுகிறது. வழக்கமான எழுத்தளவில் ஓர் எழுத்துக்கு 12 புள்ளி அகலமும் 24 புள்ளி உயரமும் கொண்ட கட்டம் ஒதுக்கப்படும். அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், மூன்று மில்லிமீட்டர் உயரம். கட்டத்தின் மேலும் கீழும் சிறிது இடம் விட்டு அச்சாவதால், கண்ணில் படும் பெரிய எழுத்தின் உயரம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான்.

ஒரே படத்தில் எத்தனை சீட்டு வைக்கலாம் என்பதை இந்த இரண்டு மில்லிமீட்டர்தான் தீர்மானிக்கிறது. எழுத்துணரி நன்றாகப் படிக்க, பெரிய எழுத்தின் உயரம் படத்தில் 20 முதல் 30 பிக்சல் வரை இருப்பது நல்லது. 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் நீளவாட்டில் 4000 பிக்சலும் அகலவாட்டில் 3000 பிக்சலும் கொண்டது. அந்த 4000 பிக்சலில் 340 மில்லிமீட்டர் நீளமுள்ள பரப்பை அடக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 பிக்சல் கிடைக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் எழுத்து 24 பிக்சல் உயரத்தில் வரும், தாராளமாகப் படிக்கலாம்.

அந்தப் பரப்பில் நம் ஆறு சீட்டுகளும் அடங்குகின்றன. 80 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓட்டல் பில்லும் ஹார்டுவேர் பில்லும் இரு ஓரங்களில். நடுவில் 58 மில்லிமீட்டர் அகலமுள்ள பெட்ரோல் பில்லும் கார்டு சீட்டும். அவற்றின் கீழே டோக்கனும் கூரியர் ரசீதும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 15 மில்லிமீட்டர் இடைவெளி. இதற்கு மேல் சீட்டுகளைக் கூட்டினால் கேமராவைத் தூரத்தில் பிடிக்க வேண்டும், எழுத்து சிறுத்துவிடும். பன்னிரண்டு சீட்டுகளை அடுக்கி 480 மில்லிமீட்டர் பரப்பை எடுத்தால், எழுத்தின் உயரம் 17 பிக்சலுக்குக் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் இரண்டு படமாக எடுப்பதே மேல்.

நன்றாக எடுத்த படமும் அனுப்பும் வழியில் கெடக்கூடும். செய்தி அனுப்பும் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. 4000 பிக்சல் நீளம் 1600 ஆகச் சுருங்கினால் அந்த 24 பிக்சல் எழுத்து 10 பிக்சலுக்கும் கீழே போய்விடும். காகித ஓரம் அப்போதும் தெளிவாகத் தெரியும் என்பதால் வெட்டும் வேலை ஒழுங்காக நடக்கும். படிக்கும் வேலைதான் தோற்கும். சீட்டுகள் சரியாகப் பிரிந்தும் எண்கள் எல்லாம் தாறுமாறாக வந்தால், முதலில் பார்க்க வேண்டியது படக்கோப்பின் பிக்சல் அளவைத்தான். படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் இந்தச் சுருக்கம் நேராது.

சீட்டுகளின் அடியில் கறுப்பு அல்லது கரும்பச்சை சார்ட் அட்டை விரிப்பது அடுத்த தேவை. ரசீதுகள் வெள்ளை, மேசையும் வெள்ளையாக இருந்தால் ஓரம் என்ற ஒன்றே படத்தில் இருக்காது. மர மேசையின் கோடுகளும் மேசை விரிப்பின் பூக்களும் ஓரம் தேடும் மென்பொருளைத் திசைதிருப்பும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் கைபேசியின் நிழல் சீட்டுகளின் குறுக்கே விழும். சுருண்டுகொள்ளும் சீட்டுகளைச் சிறிது நேரம் கனமான புத்தகத்தின் அடியில் வைத்து நிமிர்த்த வேண்டும். கண்ணாடியை மேலே வைத்து அழுத்தினால் விளக்கின் ஒளி பட்டு நடுவில் வெள்ளைத் திட்டு விழும். எல்லாச் சீட்டுகளின் தலைப்பும் ஒரே திசையில் இருக்கும்படி வைத்தால் பின்னால் வரும் ஒரு சிக்கல் முன்கூட்டியே தீரும்.

ஓரம் கண்டுபிடிக்கப்படும் விதம்

கறுப்பு அட்டைமேல் வெள்ளைச் சீட்டுகள் உள்ள படத்தைக் கணினி முதலில் சாம்பல் நிறப் படமாக மாற்றுகிறது. அப்போது ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணாகிறது. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. அடுத்து ஓர் எல்லை எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேலே உள்ளதெல்லாம் காகிதம், கீழே உள்ளதெல்லாம் பின்னணி என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். அந்த எல்லையை ஆள் உட்கார்ந்து தேட வேண்டியதில்லை. ஜப்பானியரான நொபுயுகி ஓட்சு 1979-இல் வெளியிட்ட முறை, படத்தின் பிக்சல்களை இருண்டவை, வெளிர்ந்தவை என இரு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும் எல்லையைத் தானாகவே கண்டுபிடிக்கிறது. கறுப்பு அட்டையை விரிப்பது இந்த முறைக்கு வழிவிடுவதற்காகத்தான். பின்னணியும் காகிதமும் இரண்டு தெளிவான குழுக்களாக நின்றால் எல்லை சரியான இடத்தில் விழும்.

இப்போது படத்தில் கறுப்புக் கடலில் வெள்ளைத் தீவுகள்போலச் சீட்டுகள் நிற்கின்றன. மடிப்பின் நிழலோ கடைப் பெயர் அச்சான கறுப்புப் பட்டையோ ஒரு தீவை இரண்டாகப் பிளந்திருக்கலாம். அந்த மெல்லிய பிளவுகளை வெள்ளையால் அடைக்க ஒரு படி உண்டு. அடைக்கும் அளவு மடிப்பின் நிழலைவிடப் பெரியதாகவும் சீட்டுகளின் இடைவெளியைவிடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். மடிப்பின் நிழல் ஒரு மில்லிமீட்டர் என்றால் 12 பிக்சல். நாம் விட்ட இடைவெளி 15 மில்லிமீட்டர், அதாவது 180 பிக்சலுக்குச் சற்றுக் குறைவு. 25 பிக்சல் அடைப்பு இரண்டுக்கும் நடுவில் பத்திரமாக இருக்கிறது. சீட்டுகளை இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கி வைத்திருந்தால் இதே அடைப்பு அவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடும்.

பிறகு ஒவ்வொரு தீவின் வெளிக்கோட்டையும் தொடர்ந்து சென்று குறிக்க வேண்டும். உள்ளே உள்ள எழுத்துகளின் கோடுகள் தேவையில்லை. வெளிக்கோடு மட்டும் போதும். கடைசியாக, மிகச் சிறியவற்றைத் தள்ளிவிட வேண்டும்; அவை தூசியும் ஒளிப்புள்ளிகளும். இந்த எல்லாப் படிகளையும் ஓபன்சிவி என்ற இலவச நிரல் தொகுப்பைக் கொண்டு பைத்தானில் சில வரிகளில் எழுதிவிடலாம்:

```python
import cv2
img = cv2.imread("selavu-0612.jpg")
g = cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2GRAY)
g = cv2.GaussianBlur(g, (5, 5), 0)
_, bw = cv2.threshold(g, 0, 255, cv2.THRESH_BINARY + cv2.THRESH_OTSU)
k = cv2.getStructuringElement(cv2.MORPH_RECT, (25, 25))
bw = cv2.morphologyEx(bw, cv2.MORPH_CLOSE, k)
cs, _ = cv2.findContours(bw, cv2.RETR_EXTERNAL, cv2.CHAIN_APPROX_SIMPLE)
slips = [c for c in cs if cv2.contourArea(c) > 0.01 * bw.size]
print(len(slips))
```

கடைசி வரி திரையில் காட்டும் எண் 6 ஆக இருக்க வேண்டும். அதற்கு முந்தின வரியில் உள்ள `0.01` என்பது படத்தின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. அதைவிடச் சிறிய துண்டுகள் தள்ளப்படும். இந்த அளவைக் கவனமாக வைக்க வேண்டும். வண்டி நிறுத்தும் டோக்கன் 50 மில்லிமீட்டருக்கு 40 மில்லிமீட்டர் என்றால், படத்தில் அதன் பரப்பு சுமார் 2.3 சதவீதம்தான். எல்லையை 3 சதவீதமாக வைத்திருந்தால் டோக்கன் தூசியோடு தூசியாகக் காணாமல் போயிருக்கும். எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது.

எண்ணிக்கை பொருந்தாதபோது

மேசையில் வைத்த சீட்டுகளை எண்ணிக் கையால் குறித்துக்கொள்வது இந்த வேலையின் மிக எளிய, மிக வலிமையான சோதனை. ஆறு வைத்து ஐந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: இரண்டு சீட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ஒன்று காணாமல் போயிருக்கும்.

ஒட்டியதை அகலம் காட்டிக்கொடுக்கும். பில் காகிதம் 58 அல்லது 80 மில்லிமீட்டர் அகலத்தில் வருவதால், 130 மில்லிமீட்டர் அகலமுள்ள துண்டு ஒன்று வந்தால் அது ஒரே சீட்டாக இருப்பது அரிது. வடிவமும் காட்டிக்கொடுக்கும். ஒரு சீட்டு தன்னைச் சுற்றி வரையும் செவ்வகத்தை ஏறக்குறைய முழுவதுமாக நிரப்பும். நீளம் மாறுபட்ட இரண்டு சீட்டுகள் ஒட்டினால் செவ்வகத்தின் ஒரு மூலை காலியாக நிற்கும். காணாமல் போனது பெரும்பாலும் இருண்ட நிறமுள்ள சீட்டாக இருக்கும். அடர்நீல டோக்கன் கறுப்பு அட்டைமேல் பின்னணியாகவே கருதப்பட்டுவிடும். அத்தகைய சீட்டின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை, சீட்டைவிடச் சற்றுப் பெரியதாக, வைத்துவிட்டால் பிரச்சினை தீரும்.

ஆறு வைத்து ஏழு வந்தால், ஆழமாக மடிந்த நீண்ட பில் ஒன்று இரண்டாக வெட்டுப்பட்டிருக்கும். மேல் பாதியில் கடைப் பெயரும் தேதியும் இருக்கும், தொகை இருக்காது. கீழ் பாதியில் தொகை இருக்கும், கடைப் பெயர் இருக்காது. ஒரே அகலமுள்ள இப்படிப்பட்ட இரண்டு துண்டுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தால் அவை ஒரே பில் என்று கொள்ளலாம்.

ஒரு சீட்டின் மேல் இன்னொன்று ஏறியிருந்தால் மட்டும் மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. மறைந்த எழுத்து படத்திலேயே இல்லை. மீண்டும் படம் எடுப்பதே வழி.

நிமிர்த்துவதும் பெயரிடுவதும்

கேமராவை நேர் மேலே பிடித்திருந்தால், கோணலாகக் கிடக்கும் சீட்டைச் சுழற்றி நிமிர்த்தினாலே போதும். சாய்வாகப் பிடித்திருந்தால், அருகில் உள்ள ஓரம் அகலமாகவும் தூரத்து ஓரம் குறுகலாகவும் தெரியும். அப்போது நான்கு மூலைகளையும் குறித்து, அந்த நாற்கரத்தைச் செவ்வகமாக இழுத்து விரிக்க வேண்டும். இதை முழுப் படத்துக்கும் ஒரே தடவையாகச் செய்வதைவிட ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியே செய்வது நல்லது. ஒவ்வொன்றும் வேறு வேறு கோணத்தில் கிடக்கிறது. ஆனால் சுருண்ட காகிதத்தின் வளைவை இந்த முறை நிமிர்த்தாது.

செவ்வகத்துக்குத் தலை எது கால் எது என்று தெரியாது. தலைகீழாக வைத்த சீட்டு தலைகீழாகவே வெட்டுப்படும். எழுத்துணரி அதிலிருந்து பொருளற்ற குப்பையைத்தான் தரும். சீட்டுகளின் தலைப்புகளை ஒரே திசையில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வெளிக்கோடுகள் கண்டுபிடிக்கப்படும் வரிசை, சீட்டுகளை வைத்த வரிசையாக இருக்கும் என்ற உறுதி கிடையாது. எனவே மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக அடுக்கிப் பிறகு எண் கொடுக்க வேண்டும்: `0612-1`, `0612-2` என்று `0612-6` வரை. ஒவ்வொரு பதிவிலும் அது எந்தத் தாய்ப்படத்திலிருந்து வந்தது, அந்தப் படத்தில் எந்த இடத்தில் இருந்தது என்ற இரண்டையும் சேர்த்து எழுதினால், பின்னால் சந்தேகம் வரும்போது ஒரு நிமிடத்தில் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். தாய்ப்படத்தை அழிக்கக் கூடாது. வெட்டும்போது ஓரத்தில் ஓர் எண் விடுபட்டிருந்தால் அதை மீட்க வேறு வழியில்லை.

படித்ததைச் சரிபார்த்தல்

தனித்தனியாக வெட்டிய துண்டுகளை இப்போது எழுத்துணரிக்குக் கொடுக்கலாம். டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரியில் தமிழும் ஆங்கிலமும் கலந்த பில்லைப் படிக்க `-l tam+eng` என்றும், வரிகளின் எழுத்தளவு மாறி மாறி வரும் ஒற்றைப் பத்தி என்பதைச் சொல்ல `--psm 4` என்றும் குறிக்கலாம். எப்படிப் படித்தாலும் சில தவறுகள் வரும். `0` என்பது `O` ஆகும்; `8` என்பது `B` ஆகும்; ரூபாய்க் குறி ஓர் இலக்கமாகப் படிக்கப்பட்டு 20 ரூபாய் டோக்கன் 220 ஆகக்கூடும். இந்தத் தவறுகளைப் பிடிக்கும் பொறிகள் பில்லுக்குள்ளேயே இருக்கின்றன.

முதல் பொறி கூட்டல். ஹார்டுவேர் பில்லில் பொருளின் விலை 300, மத்திய ஜிஎஸ்டி 27, மாநில ஜிஎஸ்டி 27, மொத்தம் 354. மூன்றையும் கூட்டினால் நான்காவது வர வேண்டும். இரண்டு வரிகளும் சமமாக இருக்க வேண்டும். ஓட்டல் பில்லில் 240, 6, 6, மொத்தம் 252. பெட்ரோல் பில்லில் ஜிஎஸ்டி கிடையாது. அங்கே அளவையும் விலையையும் பெருக்கிப் பார்க்கலாம். 4.95 லிட்டரை 101 ரூபாயால் பெருக்கினால் 499.95, பில்லில் 500. ஐந்து காசு வேறுபாடு அளவைச் சுருக்கி எழுதியதால் வருவது. வேறுபாடு பத்து ரூபாயாக இருந்தால் மூன்று எண்களில் ஒன்று தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது பொறி ஜிஎஸ்டி பதிவு எண். அதில் 15 எழுத்துகள். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு; தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வணிகரின் பான் எண். அதில் முதல் ஐந்து எழுத்துகள், பிறகு நான்கு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. ஆகவே எந்த இடத்தில் `O` வரலாம், எந்த இடத்தில் `0` வரலாம் என்பது முன்பே முடிவானது. பதினைந்தாவது எழுத்து, முந்தின பதினான்கையும் வைத்துக் கணக்கிட்டு எழுதப்படும் சோதனை எழுத்து. பதினான்கில் ஏதேனும் ஒன்றைத் தவறாகப் படித்திருந்தாலும் அந்தக் கணக்கு பொருந்தாது. பதிவு எண் இந்தச் சோதனையில் தேறினால், துண்டின் அந்தப் பகுதி நன்றாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று நம்பலாம்.

மூன்றாவது பொறி தேதி. ஒரே பயணத்தின் சீட்டுகளில் ஐந்து ஜூன் 12 என்று சொல்லி ஒன்று மட்டும் டிசம்பர் 6 என்று சொன்னால், நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்பட்டிருக்கின்றன. சீட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சீட்டு வேறு, செலவு வேறு

ஆறு துண்டுகளும் சரியாக வெட்டப்பட்டன. எண்களும் சரியாகப் படிக்கப்பட்டன. ஆறையும் கூட்டினால் 1468 ரூபாய் வருகிறது. ஆனால் அந்த மனிதர் அன்று செலவழித்தது 1216 ரூபாய்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 252. அது ஓட்டல் தொகை.

ஓட்டல் பில், என்ன வாங்கப்பட்டது என்பதற்குச் சான்று. கார்டு சீட்டு, பணம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று. காகிதம் இரண்டு, செலவு ஒன்று. காகித எண்ணிக்கையையே பதிவின் எண்ணிக்கையாகக் கொள்ளும் முறை எதுவும் இந்த இடத்தில் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கும். எனவே வெட்டிய பிறகு சேர்க்கும் வேலையும் உண்டு. தொகை ஒன்றே, தேதி ஒன்றே, நேரம் சில நிமிட வேறுபாட்டில், ஒன்றில் பில் எண்ணும் பொருள்களும் இருக்க மற்றதில் கார்டின் கடைசி நான்கு இலக்கங்களும் ஒப்புதல் எண்ணும் இருந்தால், இரண்டையும் ஒரே பதிவின் இரு இணைப்புகளாக வைக்க வேண்டும்.

தொகை ஒன்றாக இருப்பதை மட்டும் காரணமாக்கிச் சேர்ப்பதும் தவறு. காலையில் ஒரு டீக்கடையிலும் மாலையில் இன்னொன்றிலும் 40 ரூபாய் செலவாகியிருக்கலாம். அவை இரண்டும் தனிச் செலவுகள். ஒரே பில் இரண்டு படங்களில் மீண்டும் வந்திருக்கிறதா என்று பார்க்க, கடையின் பதிவு எண், பில் எண், தேதி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். ஜிஎஸ்டி விதிப்படி ஒரு வணிகரின் பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் மீண்டும் வரக் கூடாது. 16 எழுத்துகளுக்கு மேல் போகவும் கூடாது. மூன்றும் ஒத்திருந்தால் அது மறுபடி அனுப்பப்பட்ட பழைய பில்தான். பதிவு எண் இல்லாத டோக்கனுக்கும் கூரியர் ரசீதுக்கும் அச்சிட்ட வரிசை எண்ணைப் பயன்படுத்தலாம்.

இறுதியில் நிற்பவை ஐந்து பதிவுகள்: பெட்ரோல் 500, ஓட்டல் 252, ஹார்டுவேர் 354, கூரியர் 90, டோக்கன் 20. ஓட்டல் பதிவில் மட்டும் இரண்டு படங்கள் இணைந்திருக்கும்.

கையால் செய்பவர்களுக்கு

மாதத்தில் இருபது முப்பது சீட்டுகள் மட்டும் வரும் கடைக்கோ சிறு அலுவலகத்துக்கோ நிரல் எழுத வேண்டிய தேவையில்லை. கைபேசியின் படத்தொகுப்பில் தாய்ப்படத்தைத் திறந்து, ஒரு சீட்டை மட்டும் வெட்டி, அதை நகலாகச் சேமித்து, மீண்டும் தாய்ப்படத்துக்கு வந்து அடுத்ததை வெட்டினால் போதும். நகலாகச் சேமிக்க மறந்தால் தாய்ப்படமே வெட்டுப்பட்டுவிடும். வேலையைத் தொடங்குமுன் அதன் படி ஒன்றை வேறிடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பெயரிடும் முறை, கூட்டல் சோதனை, இரட்டைச் சீட்டு பார்ப்பது எல்லாம் கைவேலைக்கும் அப்படியே பொருந்தும்.

இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளையும் அவற்றுக்கான ஆவணங்களையும், அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். வெப்ப அச்சுச் சீட்டு அவ்வளவு காலம் தாங்கும் என்று நம்ப முடியாது. வெயில் பட்டாலும், வண்டிப் பெட்டியின் சூட்டில் கிடந்தாலும், எண்ணெய்க் கை பட்டாலும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும் அதன் எழுத்து மங்கும். மங்கிய எழுத்தை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது.

ஆகவே சீட்டு கைக்கு வந்த வாரத்திலேயே படம் எடுத்துப் பிரித்துவிட வேண்டும். முடிக்கும்போது மூன்று எண்களை எழுதிப் பாருங்கள்: மேசையில் வைத்த சீட்டுகள் எத்தனை, வெட்டிய படங்கள் எத்தனை, கணக்கில் ஏறிய செலவுகள் எத்தனை. முதல் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். மூன்றாவது குறைந்திருந்தால் ஒவ்வொரு குறைவுக்கும் ஒரு காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். கூடியிருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.